நாற்றின் நான்கு வாரம், இரண்டு நிமிடம்

தக்காளி விதை முளைக்கும்போது நுனியை நீட்டிக்கொண்டு மேலே வருவதில்லை. தண்டு கொக்கிபோல் வளைந்து, முதுகால் மண்ணை முட்டிப் பிளக்கிறது. விதையிலைகள் இரண்டும் கீழே பார்த்தபடி அதன் பின்னால் இழுபட்டு வருகின்றன. வெளிச்சம் பட்ட பிறகுதான் வளைவு நிமிர்கிறது. காலையில் தண்ணீர் தெளிக்கும்போது மண்ணில் வெளிர்பச்சையாக ஒரு வளைவு தெரியும். மாலையில் போய்ப் பார்த்தால் அது இரண்டு இலை விரித்து நிற்கும். இடையில் நடந்ததை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை.

மொட்டைமாடியில் ஒரு பழைய செல்போனை நிறுத்தி வைத்தால் அது பார்க்கும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டுவதுதான் டைம்லேப்ஸ். நான்கு வார நாற்றுக்காலம் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதன் மேல் வாரத்துக்கு ஒருமுறை, என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி பேசிச் சேர்ப்பது இப்போது பல மாடித்தோட்டக்காரர்களின் வழக்கம். இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் பாதியைத்தான் பெறுகிறார்கள். நாற்று வாடுவதும் சாய்வதும் நீள்வதும் அதன் நிலையைச் சொல்லும் அசைவுகள். அவை நம் கண்ணுக்குப் பிடிபடாத அளவு மெதுவானவை. வேகமாக ஓட்டினால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்த யோசனை கேமராவுக்கு முந்தியது. சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸின் உதவியோடு எழுதி 1880இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலுக்காக, செடியில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை ஒட்டி, எதிரே நிறுத்திய கண்ணாடித் தகட்டில் அதன் நுனி இருக்கும் இடத்தை அவ்வப்போது புள்ளி வைத்துக் குறித்தார்கள். புள்ளிகளை இணைத்தால் செடி போன பாதை கிடைத்தது. வளரும் நுனி நேர்கோட்டில் போகாமல் வட்டமடித்துக்கொண்டே மேலே போகிறது என்பதை அந்தப் புள்ளிகள் காட்டின. நம் போன் செய்வதும் புள்ளி வைக்கும் அதே வேலைதான். அதனால் அவர்களுக்கு இருந்த கேள்வி நமக்கும் உண்டு: எத்தனை நிமிடத்துக்கு ஒரு புள்ளி?

நாளைக்கு ஒரு படம் எடுத்துக் கோத்தவர்கள் பலர் ஏமாந்திருப்பார்கள். அந்தப் படத்தில் செடி வளராது, நடுங்கும். நுனி சில மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், ஒவ்வொரு நாளும் அது சுற்றின் வேறொரு இடத்தில் அகப்படுகிறது. நாற்றுக்குப் பதினைந்து நிமிட இடைவெளி சரியாக இருக்கும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டும் எடுத்தால் நாளுக்கு 48 படம். நொடிக்கு 12 படம் என்று ஓட்டினால் ஒரு நாள் நான்கு நொடி, ஒரு வாரம் 28 நொடி, நான்கு வாரம் 112 நொடி. 28 நொடியில் நிதானமாகப் பேசினால் நாற்பது, ஐம்பது சொல் பேசலாம். குறிப்பு ஒன்றைச் சொல்ல அது போதும். மூன்றைத் திணித்தால் ஒன்றும் நிற்காது.

முளை வெளிவரும் இரண்டு நாள்கள் மட்டும் விதிவிலக்கு. கொக்கி நிமிரும் காட்சிக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். இரவை விட்டுவிடுவது நல்லது. இரவுப் படத்துக்காக விளக்குப் போட்டு வைத்தால் நாற்றின் இரவே கெடும். விட்டுவிட்டால் ஒவ்வொரு காலையும் முதல் படத்தில் நாற்று சட்டென்று ஒரு தாவல் தாவும். இருட்டில் வளர்ந்த கணக்கு அது. அதை மறைக்க முயல வேண்டாம்.

படமெடுக்கப் போனில் ஏற்கெனவே இருக்கும் டைம்லேப்ஸ் வசதி சில மணி நேரத்துக்குத்தான் சரிப்படும். வாரக்கணக்கில் எடுக்க, இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்கும் ஆப் ஒன்று தேவை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பை இடையில் நிறுத்திவிடும்; அமைப்புகளில் அந்த ஆப்புக்கு மட்டும் அந்தச் சிக்கனத்தை நீக்கிவிட வேண்டும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் மேகம் போகும்போதெல்லாம் படம் மின்னி மின்னி அடங்கும். பின்னால் கறுப்பு அல்லது கருநீலச் சார்ட் பேப்பர் ஒட்டினால் வெளிர்பச்சைத் தண்டு எடுப்பாகத் தெரியும். குழித்தட்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நட்டு வையுங்கள். அது ஏன் என்று இரண்டாம் வாரத்தில் தெரியும்.

நம் ஊர் மாடியில் பெரிய எதிரி வெயில். நேரடி வெயிலில் போன் சூடேறித் தானாக அணைந்துவிடும். ஆடி மாதத்திலும் சென்னையில் மதிய வெயில் அதற்குப் போதும். நிழல்வலைக்குக் கீழே, அதற்கும் மேல் போனுக்கென்று வெள்ளை அட்டையில் தனிக்கூரை என்று வைத்தால் தாங்கும். நாள் முழுக்க சார்ஜரில் கிடக்கும் பழைய போனின் முதுகு புடைக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பாருங்கள். லேசாகப் புடைத்தாலும் அந்தப் போனை அதோடு விட்டுவிட வேண்டும். பேட்டரி உப்பிய போன் தீப்பிடிக்கக் கூடியது.

இனி நாற்றுக்கு வருவோம். ஆடிப்பட்டத்துக்குப் பி.கே.எம். 1 தக்காளியை எடுத்துக்கொள்கிறேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய ரகம். ஓரளவுக்கு மேல் உயராமல் குட்டையாக நிற்கும் என்பதால் தொட்டிக்கும் பைக்கும் தோதானது. குழித்தட்டில் நிரப்ப கோகோபீட். கட்டியாக விற்கும் கோகோபீட்டில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, திரும்ப ஊறவைத்துப் பிழிய வேண்டும். வடியும் நீர் கரும்பழுப்பிலிருந்து வெளிறும் வரை இதைச் செய்யலாம். மூன்று பங்கு கோகோபீட்டுக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம், ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி. குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். மேலே பிளாஸ்டிக் தாள் மூடினால் ஈரம் காயாது. ஆனால் தாள் மூடிய தட்டைப் படம் எடுத்தால் உள்ளே கோத்த நீர்த்துளிதான் தெரியும். அதனால் படத்தில் வரும் ஓரக் குழிகளை மட்டும் திறந்து விட்டு, அவற்றுக்குக் காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளிப்பது என் வழக்கம்.

முதல் வாரத்தின் முதல் நான்கு நாள் படத்தில் ஒன்றுமே நடக்காது. மண் ஈரமாகிக் கறுக்கும், காய்ந்து வெளிறும், மறுபடி கறுக்கும். இந்த நாள்களைப் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள், நான் வைத்துக்கொள்வேன். மேல்மண் எத்தனை மணிக்கு வெளிறுகிறது என்பதை வைத்து அந்த மாடியில் தண்ணீர் தெளிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கலாம். மதியம் இரண்டு மணிக்கே வெளிறிவிட்டால் மாலை வரை காத்திருப்பது தவறு. முளை ஓடு உடைக்கும் கட்டத்தில் மேல்மண் காய்ந்தால் விதை அங்கேயே நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் வாக்கில் மண் லேசாக உப்பும், விரிசல் விடும், கொக்கி தெரியும். வேர் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. அதை இந்தக் கேமரா பார்க்கவில்லை. ஒரு சில முளைகள் விதையோட்டைத் தலையிலிருந்து கழற்ற முடியாமல் நிற்கும். விதை ஆழமாகப் போகாமல் மேலோடு கிடந்தாலோ மேல்மண் காய்ந்திருந்தாலோ இப்படி ஆகும். ஆழத்தில் விதைத்திருந்தால் மண்ணின் உராய்வே ஓட்டை உருவிவிட்டிருக்கும். கையால் பிடுங்கினால் ஓட்டோடு விதையிலையும் வந்துவிடும். முதல் வாரத்துக்கான பேச்சை இதிலேயே வைக்கலாம்:

“நாலு நாள் ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சீங்கன்னா, அஞ்சாம் நாள் பாருங்க. முதுகை வளைச்சுட்டு வெளிய வருது. தலையில ஓடு மாட்டிக்கிட்டு நிக்கிறதைப் பிடுங்காதீங்க. அது மேல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. ஓடு ஊறட்டும், தானா கழலும்.”

இரண்டாம் வாரம்தான் நாற்றின் தலையெழுத்தை முடிவு செய்கிறது, படத்திலும் அதிகம் தெரிவது அந்த வாரம்தான். முளைத்த தண்டு வெளிச்சம் போதாவிட்டால் நீண்டுகொண்டே போகும். இலைக்கான சத்தையும் தண்டு நீளுவதில் செலவழித்து, மெலிந்து, வெளிறி, கடைசியில் சாயும். நாம் தினம் பார்க்கும்போது ‘நல்லா வளருது’ என்று மகிழ்ந்துகொண்டிருப்போம். இங்கேதான் அந்த ஸ்கேல் உதவும். விதையிலை மட்டுமே விரிந்த நிலையில் தண்டு நான்கைந்து சென்டிமீட்டரைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் அது வளர்ச்சி அல்ல, வெளிச்சம் தேடி ஓடுகிறது. இன்னோர் அடையாளம் சாய்வு. எல்லா நாற்றும் படத்தின் ஒரே பக்கம் சேர்ந்து சாய்ந்தால் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று பொருள். மாடிப்படி அறையின் நிழலிலோ கைப்பிடிச் சுவரோரத்திலோ வைத்த தட்டில் இது நிச்சயம் நடக்கும்.

இதற்குத் தட்டைத் தினம் திருப்பி வையுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. படமெடுப்பவருக்கு அது ஆகாது. திருப்பிய ஒவ்வொரு முறையும் படம் குதிக்கும். தட்டை மேலிருந்து வெளிச்சம் விழும் திறந்த இடத்துக்கு, பாதி வெளிச்சம் விடும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, தொடக்கத்திலேயே வைத்துவிடுவதுதான் தீர்வு. படத்துக்காகத் தேடிய இடம் நாற்றுக்கும் சரியான இடமாக அமைந்துவிடும். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளிக்கு ஒரு சலுகை உண்டு, அதைக் கடைசி வாரத்தில் சொல்கிறேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தச் சலுகையை நம்பக் கூடாது.

விதையிலைகள் நாள்தோறும் மேலும் கீழும் அசைவதையும் இந்த வாரத்தில் பார்க்கலாம். மாலையில் இரண்டும் உயர்ந்து நெருங்கும், காலையில் படுக்கையாக விரியும். கைதட்டுவதுபோல் இருக்கும் அந்த அசைவை முதல் முறை பார்ப்பவர்கள் நாற்று வாடித் தேறுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். வாட்டமென்றால் இலை தொங்கும், இது உயர்கிறது. இதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிவிட்டால் அடுத்த ஆபத்து வந்து நிற்கும்.

அந்த ஆபத்து நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் ஈரம் தேங்கிய இடத்தில் தண்டின் கழுத்தைத் தாக்கும். முந்தைய நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். பலரும் அதைத் தண்ணீர் இல்லாமல் வாடியதாக நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள். படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வேறுபாடு தெரிந்துவிடும். தண்ணீர் குறைந்த நாற்று நுனியிலிருந்து மெல்ல மெல்லத் தளரும், இலை முதலில் தொங்கும். அழுகல் வந்த நாற்று இலை பச்சையாக இருக்கும்போதே அடியில் மடிந்து முழுதாகச் சாயும். கிட்டப் போய்ப் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, நூலாக மெலிந்திருக்கும். சாய்ந்த நாற்று எழாது. அந்தக் குழியை மண்ணோடு வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்துக் குழிகளுக்குத் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமாக வைக்க வேண்டும். மாலையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் இப்போது மாற வேண்டும். முளைக்கும் வரை அது தேவைப்பட்டது; விதையிலை விரிந்த பின் காலை மட்டும் போதும், இரவுக்குள் மேல்மண் உலர்ந்திருக்க வேண்டும். போன முறை பயன்படுத்திய கோகோபீட்டை மறுபடி நிரப்புவதும் இந்த நோயைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் வேலை.

“இந்த ரெண்டாவது நாத்து ராத்திரியோட ராத்திரியா விழுந்துடுச்சு. இலை பச்சையா இருக்கு, ஆனா கழுத்து மெலிஞ்சு போச்சு பாருங்க. இது தாகம் இல்லை, அழுகல். தண்ணி ஊத்தாதீங்க. குழியோட எடுத்துப் போடுங்க. இனிமே காலைல மட்டும்தான் தண்ணி.”

விழுந்த நாற்றைப் படத்திலிருந்து வெட்டிவிடத் தோன்றும். இந்த வாரப் படத்தில் பார்ப்பவருக்கு அதிகம் பயன்படும் நொடி அதுதான்.

மூன்றாம் வாரத்தில் உண்மையான இலைகள் வருகின்றன. விதையிலை நீண்டு, விளிம்பில் வெட்டில்லாமல் இருக்கும். இவை விளிம்பு வெட்டுப்பட்டவை, விரலால் தேய்த்தால் தக்காளி வாசம் அடிக்கும். குழியில் இரண்டு முளைத்திருந்தால் இப்போது ஒன்றைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்பதன் வேரும் கிளம்பிவிடும். எதை வைப்பது என்பதற்குப் படம் நல்ல நீதிபதி: முதலில் முளைத்ததை விட, குறைவாகச் சாய்ந்ததையும் தண்டு பருத்ததையும் வையுங்கள்.

உரம் இந்த வாரத்தில்தான். மண்புழு உரம் கலந்திருப்பதால் நிறைய தேவையில்லை. பஞ்சகவ்யம் வளர்ந்த பயிருக்கு மூன்று சதவீதம் தெளிப்பார்கள், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. நாற்றுக்கு நான் அதில் பாதிதான் கொடுப்பேன். மதியக் காற்றில் நாற்று ஆடுவது படத்தில் படபடவென்று தெரியும், பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் காற்றைத் தடுக்க அட்டை வைக்காதீர்கள். அசைக்கப்படும் தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் வளரும் என்பது ஆய்வில் உறுதிப்பட்ட விஷயம். காற்றே இல்லாத மாடியென்றால் உள்ளங்கையால் நாற்றுத் தலைகளை நாளுக்குப் பத்து இருபது தடவை மெல்லத் தடவிக் கொடுக்கலாம்.

கேமராவின் எல்லையும் இந்த வாரத்தில் தெரியவரும். இலைக்குள் குடைந்து போகும் புழுவின் வெள்ளைக் கோணல் கோடு படத்தில் நாளுக்கு நாள் நீள்வதைக் காணலாம். ஆனால் இலைச்சுருட்டை நச்சுயிரியைக் கொண்டு வரும் வெள்ளை ஈ இலையின் அடியில் உட்காரும். அது படத்தில் வராது. அதன் விளைவான சுருண்ட இலை படத்தில் தெரியும்போது மருந்து எதுவும் அந்தச் செடியை மீட்காது. ஆகவே வாரப் பேச்சில் இதைச் சொல்லியாக வேண்டும்:

“போன் மேலிருந்து மட்டும்தான் பாக்குது. நீங்க இலையைத் திருப்பிப் பாருங்க. தட்டினா வெள்ளையா பூச்சி பறந்தா உடனே மஞ்சள் ஒட்டுப்பொறி வைங்க, வேப்பெண்ணெய்க் கரைசலை இலைக்கு அடியில படுற மாதிரி சாயங்காலம் அடிங்க.”

நான்காம் வாரத்தில் நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த இலையை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் வெள்ளைத் திட்டாகக் கருகிவிடும். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, தண்ணீரையும் மெல்லக் குறைக்கலாம். போனை இடம் மாற்ற வேண்டியதில்லை, வலையை மட்டும் விலக்கி மூடினால் போதும்.

வாட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாரம் கிடையாது. படத்தில் நாற்று மதியம் ஒரு மணிக்குத் தொங்கி மாலை ஐந்துக்கு நிமிர்ந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இலை ஆவியாக்கும் வேகத்துக்கு வேர் கொஞ்ச நேரம் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். காலை முதல் படத்திலேயே தொங்கியிருந்தால் அது தாகம். உடனே தண்ணீர் வேண்டும். காலையிலும் தொங்கி, மண்ணைத் தொட்டால் ஈரமும் இருந்தால் பிரச்சினை வேரில். ஒரு குழியைக் கீழிருந்து அழுத்தி வெளியே எடுத்துப் பாருங்கள்: வேர் வெள்ளையாக மண்ணைச் சுற்றிப் பிடித்திருந்தால் நலம், பழுப்பாகக் குழைந்திருந்தால் அழுகிவிட்டது.

நான்கைந்து உண்மையான இலையோடு, விதைத்து இருபத்தைந்து நாள் வாக்கில் நாற்று நடவுக்குத் தயார். ஒன்றேகால் அடி அகல, ஆழப் பையில், மாலை வேளையில், குழிமண் உடையாமல் நட வேண்டும். முன்பு சொன்ன சலுகை இதுதான்: தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும். ஆகவே நீண்டுபோன நாற்றை விதையிலைக் கணு வரை புதைத்து நடலாம். மண்ணில் அமிழும் அந்த இரண்டு விதையிலைகளை முன்னதாகக் கிள்ளிவிடுங்கள்.

“மதியம் தொங்குறதைப் பாத்துப் பயப்படாதீங்க. காலைல தொங்குதான்னு பாருங்க. நடும்போது தண்டை ஆழமா புதைங்க. கத்தரி, மிளகாயை இப்படிப் புதைக்காதீங்க, அது தட்டில இருந்த ஆழமே போதும்.”

நட்ட மறுநாள் நாற்று அநேகமாகத் துவளும். இரண்டு மூன்று நாள் நிழல்வலைக்குள் வைத்து, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் நிமிர்ந்துவிடும். இந்த மூன்று நாளையும் பதினைந்து நிமிட இடைவெளியிலேயே எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு செடி பையை மீறிப் போகும், போன் சட்டகத்துக்குள் அடங்காது. ஸ்டாண்டைப் பின்னுக்குத் தள்ளி, இடைவெளியை அரை மணியாக்கிப் பூக்கும் வரை எடுக்கலாம். அல்லது போனை அங்கேயே விட்டு, காலியான குழித்தட்டைக் கழுவி, புதுக் கோகோபீட் நிரப்பி, மிளகாய் விதைக்கலாம். மிளகாய் நாற்றுக்கு நாற்பது நாள் பிடிக்கும், அதனால் வாரப் பேச்சும் ஆறு வரும்.